பன்னிரண்டு பிள்ளைகள் போதுமா?

எம்.எட். ஆய்வேடுகளின் மூன்றாம் இயலை வாசித்துப் பழகியவர்கள் இப்படி ஒரு பத்தியைப் பலமுறை சந்தித்திருப்பார்கள்: ‘இந்த ஆய்வில் கலப்பு முறை பின்பற்றப்பட்டது. சீரற்ற மாதிரி முறையில் 12 மாணவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டனர். முன்தேர்வும் பின்தேர்வும் நடத்தப்பட்டன. நேர்காணல் எடுக்கப்பட்டது. தரவுகள் உரிய புள்ளியியல் முறைகளால் பகுப்பாய்வு செய்யப்பட்டன.’

மொழியில் பிழை இல்லை. ஆனால் நமக்குத் தெரிய வேண்டிய எதுவும் இதில் இல்லை. தேர்வை நடத்தியது யார்? நேர்காணல் எடுத்தது யார்? வகுப்பிலேயே 12 பேர்தான் என்றால், ‘சீரற்ற’ முறையில் யாரை யாரிடமிருந்து தேர்ந்தெடுத்தார்கள்? எண்ணும் பேச்சும் எந்த இடத்தில் சந்தித்தன? ‘பட்டது’, ‘பட்டன’ என்று முடிகிற வாக்கியங்கள் செய்தவரை மறைத்துவிடுகின்றன. சிறிய மாதிரியை வைத்துச் செய்யும் ஆய்வில் செய்தவர் யார் என்பதே பாதி முறையியல். பாடம் நடத்தியவரும் தேர்வு வைத்தவரும் மதிப்பெண் போட்டவரும் பேட்டி கண்டவரும் ஒரே ஆசிரியர் என்றால், வாசிக்கிறவர் அதை அறிந்துதான் முடிவை எடைபோட முடியும்.

ஒரு எடுத்துக்காட்டோடு பேசுவோம். விளக்கத்துக்காக நான் அமைத்துக்கொண்டது இது. ஆனால் செயலாராய்ச்சி செய்த எந்தத் தொடக்கப்பள்ளி ஆசிரியருக்கும் இந்தச் சூழல் பழக்கமானதாக இருக்கும். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி ஒன்றில் ஐந்தாம் வகுப்பு. பதிவேட்டில் 13 பேர். அவர்கள் சரளமாக வாசிக்கவில்லை என்பது ஆசிரியையின் கவலை. இருவர் இருவராகச் சேர்ந்து, ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்டுத் திருத்தும் ‘ஜோடி வாசிப்பை’ நாளுக்கு 20 நிமிடம், வாரம் ஐந்து நாள், எட்டு வாரம் நடத்துகிறார். மொத்தம் 40 அமர்வுகள். இடையில் ஒரு பையனின் குடும்பம் செங்கல் சூளை வேலைக்கு வெளியூர் போய்விட, மிஞ்சியவர்கள் 12 பேர். இதை அவர் எப்படி எழுத வேண்டும்?

கேள்வியைப் பிரித்தால் முறை தானே வரும்

‘ஜோடி வாசிப்பின் விளைவு’ என்று மொத்தமாகச் சொன்னால், கலப்பு முறை எதற்கு என்ற கேள்விக்குப் பதில் வராது. இரண்டாகப் பிரிக்க வேண்டும். எட்டு வாரத்தில் வாசிப்பு வேகம் எவ்வளவு மாறியது என்பது ஒன்று. அதற்கு எண் பதில் சொல்லும். சிலருக்கு மாறி, சிலருக்கு மாறாமல் போனது ஏன் என்பது மற்றொன்று. அதற்குப் பிள்ளைகள்தான் பதில் சொல்ல வேண்டும்.

இரண்டாம் கேள்வி முதல் கேள்வியின் விடைக்காகக் காத்திருக்கிறது. எனவே முதலில் அளவு, அதைப் பார்த்த பிறகு நேர்காணல். கலப்பு முறை பற்றி விரிவாக எழுதிய ஜான் கிரெஸ்வெல், விக்கி பிளானோ கிளார்க் இருவரின் வகைப்பாட்டில் இதற்கு ‘விளக்கத் தொடர் வடிவமைப்பு’ என்று பொருள்படும் பெயர் உண்டு. இரண்டையும் ஒரே சமயத்தில் திரட்டி ஒப்பிடுவதும், நேர்காணலில் தொடங்கி அதிலிருந்து அளவுகோல் உருவாக்குவதும் வேறு வடிவமைப்புகள். பெயரைக் குறிப்பிட ஒரு வரி போதும். அந்த மூன்றின் இலக்கணத்தையும் பாடநூலிலிருந்து எடுத்து இரண்டு பக்கம் நிரப்பினால், வாசிப்பவருக்கு உங்கள் ஆய்வைப் பற்றி எதுவும் தெரியப்போவதில்லை. உங்கள் கேள்விக்கு இந்த வரிசை ஏன் பொருந்துகிறது என்பதுதான் அங்கே வர வேண்டியது.

மாதிரி: இருப்பதை இருப்பதாகச் சொல்வது

சிறிய மாதிரியை நினைத்து வெட்கப்படுகிறவர்கள்தான் ‘சீரற்ற மாதிரி’ என்ற சொல்லில் ஒளிந்துகொள்கிறார்கள். தேவையே இல்லை. ‘பள்ளியின் ஐந்தாம் வகுப்பில் பதிவான 13 பேரும் சேர்க்கப்பட்டனர். ஆய்வாளர் அந்த வகுப்பின் ஆசிரியர். வசதி கருதி இந்தப் பள்ளி தேர்வானது. மூன்றாம் வாரத்தில் ஒரு மாணவர் குடும்பத்தோடு இடம்பெயர்ந்ததால் பகுப்பாய்வில் 12 பேர் உள்ளனர்’ என்று எழுதினால் போதும்.

முழு வகுப்பையும் எடுத்ததில் ஒரு நன்மையும் உண்டு. முன்தேர்வில் மிகக் குறைவாக வாசித்தவர்களை மட்டும் பொறுக்கியிருந்தால், ஒன்றும் செய்யாவிட்டாலும் அவர்களின் சராசரி அடுத்த தேர்வில் கொஞ்சம் ஏறியிருக்கும். காய்ச்சலோடு வந்தவர், அன்று பயந்துபோனவர் என்று தற்செயலாகக் கீழே விழுந்தவர்களும் அந்தக் கூட்டத்தில் இருப்பார்கள். மறுமுறை அவர்கள் தங்கள் வழக்கமான இடத்துக்குத் திரும்புவார்கள். அந்த ஏற்றம் பாடமுறையின் கணக்கில் சேர்ந்துவிடும். கடைசி வரிசைப் பிள்ளைகளை மட்டும் வைத்துச் செய்யும் செயலாராய்ச்சிகளில் இந்தத் தவறு எளிதாக நுழைந்துவிடுகிறது.

மாதிரியைச் சொல்லும்போது சூழலையும் சொல்ல வேண்டும். வீட்டு மொழி என்ன, வகுப்பில் எத்தனை வாசிப்பு நூல்கள் உண்டு, எத்தனை பேர் மாலை வகுப்புக்குப் போகிறார்கள், 40 அமர்வுகளில் ஒவ்வொருவரும் எத்தனைக்கு வந்தார்கள் என்ற விவரங்கள் வேண்டும். 12 பேரை வைத்துத் தமிழ்நாடு முழுமைக்கும் பேச முடியாது. ஆனால் சூழல் நன்றாகத் தெரிந்தால், ‘என் வகுப்பும் இப்படித்தான்’ என்றோ ‘என் வகுப்பு வேறு’ என்றோ வாசிக்கும் ஆசிரியரே முடிவுசெய்துகொள்வார். லிங்கனும் கூபாவும் 1985இல் எழுதிய நூலில் வலியுறுத்திய கருத்து இது: முடிவு இன்னோர் இடத்துக்குப் பொருந்துமா என்பதை வாசகர் தீர்மானிக்கப் போதுமான விவரம் தருவது ஆய்வாளரின் கடமை.

‘ஒரு சொல்’ என்றால் என்ன?

அளவீட்டுக் கருவியைப் பற்றிய பத்திதான் பெரும்பாலும் மிக மெலிந்திருக்கும். ‘வாசிப்புத் தேர்வு நடத்தப்பட்டது’ என்பதோடு முடிந்துவிடும். நம் ஆசிரியை ஒரு நிமிடத்தில் சரியாக வாசிக்கும் சொற்களை எண்ணுகிறார். ஆங்கிலத்துக்கு நெடுநாளாகப் பயன்பட்டு வரும் அளவு இது. தமிழுக்கு எடுத்து வரும்போது ஒரு சிக்கல் எழும். ‘பூ’ என்பது ஒரு சொல். ‘படித்துக்கொண்டிருந்தார்கள்’ என்பதும் ஒரு சொல்தான். அதில் 14 எழுத்துகள். முன்தேர்வுப் பத்தியில் சின்னச் சொற்களும் பின்தேர்வுப் பத்தியில் நீண்ட சொற்களும் இருந்தால், பிள்ளை முன்னேறியிருந்தாலும் எண் இறங்கும். ஆகவே இரண்டு பத்திகளிலும் சொல்லுக்குச் சராசரி எத்தனை எழுத்து என்று எண்ணிச் சமப்படுத்தியதை முறையியலில் எழுத வேண்டும். அதோடு, பாதிப் பேருக்கு ‘அ’ பத்தியை முதலிலும் ‘ஆ’ பத்தியைப் பிறகும், மீதிப் பேருக்கு மாற்றியும் கொடுத்தால், பத்தியின் கடினம் ஒரு பக்கமாகச் சாயாது.

பிழை எது என்பதும் வேண்டும். விட்டுவிட்டால் பிழை, வேறு சொல்லாக வாசித்தால் பிழை, மூன்று விநாடி தயங்கி, ஆசிரியர் சொல்லித் தந்தால் பிழை, தானே திருத்திக்கொண்டால் சரி. ‘வாழைப்பழம்’ என்பதை ‘வாளப்பளம்’ என்று வாசித்தால்? அது ஊர்ப் பேச்சு; அந்தப் பிள்ளை எழுத்தைச் சரியாகத்தான் அடையாளம் கண்டிருக்கிறது. அதைப் பிழையாக எண்ணவில்லை என்று ஒரு வரி எழுதாவிட்டால், இரண்டாவதாக மதிப்பிடும் ஆசிரியர் வேறு மதிப்பெண் போடுவார்.

மதிப்பிடுவதிலும் செலவில்லாத ஒரு காவல் உண்டு. வாசிப்பைக் கைபேசியில் பதிவுசெய்து, 12 பேரின் இரண்டு பதிவுகளையும், ஆக 24 ஒலிக்கோப்புகளையும், தேதி இல்லாமல் கலைத்துப் போட்டுப் பக்கத்துப் பள்ளி ஆசிரியர் ஒருவரிடம் கொடுப்பதுதான் அது. எது முன், எது பின் என்று தெரியாமல் அவர் எண்ணுவார். வகுப்பாசிரியை தனியாக எண்ணுவார். இருவர் கணக்கும் எத்தனை கோப்புகளில் ஒத்துப்போயின, ஒத்துப்போகாதவற்றை எப்படித் தீர்த்தார்கள் என்று எழுதினால், மதிப்பெண் மேல் நம்பிக்கை வரும்.

கணக்கைத் தேர்வதற்கான காரணம்

மாதிரி சிறியது என்றால் டி-தேர்வு கூடாது என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அது சரியல்ல. டப்ளினில் கின்னஸ் மதுபான ஆலையில் வேலை பார்த்த வில்லியம் காசெட், கையில் மிகச் சில அளவீடுகளே இருந்ததால்தான் அந்த முறையை உருவாக்கி, 1908இல் ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரில் வெளியிட்டார். உண்மையான தடை வேறு. டி-தேர்வு, மாற்றங்கள் ஏறக்குறைய இயல்நிலைப் பரவலில் இருப்பதாக எடுத்துக்கொள்கிறது. 12 எண்களை வைத்துக்கொண்டு அதை உறுதிசெய்ய இயலாது; ஒரே ஒரு பிள்ளை எகிறிவிட்டால் சராசரி முழுதும் அந்தப் பக்கம் போய்விடும். ஃபிராங்க் வில்காக்சன் 1945இல் தந்த குறியீட்டுத் தரவரிசைத் தேர்வு இங்கே பாதுகாப்பானது. அது மாற்றத்தின் அளவுக்குப் பதில் மாற்றத்தின் வரிசையைப் பார்க்கிறது.

நம் வகுப்பில் முன்தேர்வுக்கும் பின்தேர்வுக்கும் இடையிலான மாற்றம் இப்படி இருந்தது என்று வையுங்கள்: 17, 15, 14, 12, 11, 9, 8, 6, 3, 1 என்று பத்துப் பேர் ஏறினார்கள், இருவர் 2 சொல்லும் 4 சொல்லும் இறங்கினார்கள். ஏற்ற இறக்கக் குறியை மறந்து, சிறியதிலிருந்து பெரியதுவரை 1 முதல் 12 வரை தரமிடுங்கள். இறங்கியவர்களின் தரங்கள் 2, 4, கூட்டினால் 6. ஏறியவர்களின் கூட்டல் 72. ஜோடி வாசிப்பால் ஒரு மாற்றமும் இல்லை, ஏற்றமும் இறக்கமும் நாணயம் சுண்டுவதுபோல் விழுந்தவை என்றால், இந்த அளவுக்கு ஒருபக்கமாகச் சாய்வதற்கான வாய்ப்பு, இருபக்கமும் சேர்த்து, சுமார் 0.007. வழக்கமான எல்லையான 0.05ஐவிட மிகக் குறைவு.

இதே கணக்கு சிறிய மாதிரியின் எல்லையையும் காட்டும். ஐந்து பிள்ளைகளை மட்டும் வைத்து ஆய்வு செய்து, ஐந்து பேரும் முன்னேறினாலும், இந்தத் தேர்வில் கிடைக்கக்கூடிய மிகச் சிறிய மதிப்பு 32இல் 2, அதாவது 0.0625. எப்படி நடந்தாலும் 0.05ஐத் தொட முடியாது. ஆய்வைத் தொடங்கும் முன்பே இது தெரிந்திருந்தால், ஐந்து பேர் ஆய்வில் அந்தத் தேர்வையே விட்டுவிட்டு, வாரந்தோறும் அளந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கோடு வரைந்திருக்கலாம். முறையியலை முன்கூட்டியே எழுதிப் பார்ப்பதன் பயன் இது.

முடிவு எண்கள் அடுத்த இயலுக்கு உரியவை. முறையியலில் எந்தத் தேர்வு, ஏன், எந்த எல்லை, ஒவ்வொரு பிள்ளையின் இரு மதிப்பெண்களையும் காட்டுவீர்களா என்பவை மட்டும் வர வேண்டும். சதவீதத்தைத் தவிர்ப்பதாகவும் சொல்லிவிடலாம். 12 பேரில் 10 பேர் என்று எழுதினால் கண்ணுக்குத் தெரிகிறது, 83.33 சதவீதம் என்றால் பின்னால் பெரிய கூட்டம் இருப்பதுபோல் தோன்றுகிறது.

இரண்டும் சந்திக்கும் இடம்

கலப்பு முறை என்று பெயர் சூட்டிக்கொண்ட ஆய்வுகள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். எண்கள் ஓர் இயலில், பேட்டிகள் மறு இயலில், ஒன்றையொன்று தொடாமல் நிற்கும். இணைப்பை முறையியலிலேயே இரண்டு இடங்களில் எழுதிவிட வேண்டும்.

முதல் இணைப்பு, யாரைப் பேட்டி காண்பது என்ற விதி. பேச்சில் கெட்டிக்காரர்களை ஆசிரியை கூப்பிட்டால், கதை நன்றாக இருக்கும், ஆனால் ஒருபக்கமாக இருக்கும். ‘அதிகம் ஏறிய இருவர், மிகக் குறைவாக ஏறிய அல்லது இறங்கிய இருவர், நடுவில் நின்ற இருவர்’ என்று மதிப்பெண் வருவதற்கு முன்பே விதி எழுதி வைத்தால், ஆறு பேரையும் எண்களே தேர்ந்தெடுத்துக் கொடுக்கும். நம் வகுப்பில் 17, 15 ஏறியவர்கள், 8, 9 ஏறியவர்கள், இறங்கிய இருவர்.

பேட்டி காண்பவர் வகுப்பாசிரியையாக இருந்தால் பத்து வயதுப் பிள்ளை ‘நல்லா இருந்துச்சு மிஸ்’ என்பதைத் தாண்டாது. பக்கத்துப் பள்ளி ஆசிரியர் பேசினார் என்பதையும், கருத்துக் கேட்காமல் நடந்ததைக் கேட்டார் என்பதையும் மாதிரிக் கேள்வியோடு எழுத வேண்டும்: ‘நேத்து ஜோடியா வாசிச்சப்ப எந்த இடத்துல நின்னுபோச்சு? அப்ப ரெண்டு பேரும் என்ன பண்ணீங்க?’ பேச்சு வழக்கில் சொன்னதை அப்படியே எழுத்தாக்கியதையும் குறிப்பிட வேண்டும். பகுப்பாய்வுக்கு ‘பிரவுன், கிளார்க் 2006’ என்று மட்டும் எழுதி நகர்ந்துவிடக் கூடாது. பிள்ளை சொன்ன ஒரு வரி, அதற்கு நீங்கள் இட்ட குறிப்பு, அந்தக் குறிப்புகள் சேர்ந்து உருவான கருப்பொருள் என்று ஒரு சங்கிலியையாவது காட்டினால்தான் நீங்கள் செய்தது தெரியும்.

இரண்டாம் இணைப்பு ஒரு பட்டியல். ஒரு வரிசைக்கு ஒரு பிள்ளை: முன், பின் மதிப்பெண், ஜோடி யார், பேட்டியில் சொன்னது, இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் தெரிவது. எண்ணும் பேச்சும் முரண்பட்டால் எதையும் தள்ளாமல் ஒலிப்பதிவுக்குத் திரும்புவோம் என்றும் எழுதிவைக்க வேண்டும்.

அந்தப் பட்டியல் என்ன செய்யும் என்று பாருங்கள். ஆசிரியை ஜோடி சேர்த்த விதம் இது: முன்தேர்வு வரிசையில் மேல் பாதியின் முதல்வரோடு கீழ்ப் பாதியின் முதல்வர், இரண்டாமவரோடு இரண்டாமவர். அந்தக் கணக்கில் 45 சொல் வாசித்த சிறுமிக்கும் 25 சொல் வாசித்த சிறுவனுக்கும் ஜோடி அமைந்தது. பின்தேர்வில் அவள் 41, அவன் 23. இறங்கிய இருவரும் ஒரே ஜோடி! தனித்தனி எண்களாகப் பார்த்தபோது இது கண்ணில் படவில்லை. பேட்டியில் சிறுவன் சொல்கிறான்: ‘நான் ஆரம்பிச்சதும் அவளே படிச்சு முடிச்சிடுவா.’ சிறுமி சொல்கிறாள்: ‘அவன் தப்பு பண்ணினா நிறுத்தி நிறுத்திச் சொல்லணும், அப்பிடியே பழகிடுச்சு.’ ஒலிப்பதிவைக் கேட்டால், பின்தேர்வில் அவள் ஒவ்வொரு சொல்லுக்கும் நின்று நின்றுதான் வாசிக்கிறாள். இப்போது கேள்வி மாறுகிறது. ஜோடி வாசிப்பு பலனளிக்கிறதா என்பதோடு, யார் எவ்வளவு நேரம் வாசிக்கிறார்கள் என்பதை யார் கவனிப்பது என்ற கேள்வியும் எழுகிறது. 12 பேரில் இருவரால் கிடைத்த இந்தக் கண்டுபிடிப்பை எண் தனியாகத் தந்திருக்காது. பேட்டி தனியாகத் தந்திருந்தால் இரண்டு பிள்ளைகளின் சில்லறைச் சண்டையாகத் தோன்றியிருக்கும்.

எல்லைகளை எழுதும் விதம்

அந்த ஜோடி இன்னொன்றையும் சொல்கிறது. வில்காக்சன் கணக்கு 12 பேரையும் ஒருவரையொருவர் சாராதவர்களாக எடுத்துக்கொண்டது. ஆனால் அவர்கள் ஆறு ஜோடிகள். ஒருவரின் மாற்றம் மற்றவரைத் தொடுகிறது. ஆகவே 0.007 என்ற எண்ணைக் கொஞ்சம் தளர்வாகவே பிடிக்க வேண்டும். இதை ஆய்வாளரே எழுதிவிடுவது நல்லது. வைவாவில் தேர்வாளர் கேட்டுத் தெரிந்துகொள்ளும் நிலை வரக் கூடாது.

‘மாதிரி சிறியது, காலம் குறைவு’ என்று எல்லோரும் எழுதும் வரி எதையும் சொல்வதில்லை. ஒவ்வொரு எல்லையும் முடிவை எந்தப் பக்கம் சாய்க்கும் என்று எழுத வேண்டும். ஒப்பிட வேறு வகுப்பு இல்லை. எட்டு வாரத்தில் பிள்ளைகள் எப்படியும் கொஞ்சம் முன்னேறுவார்கள். அதனால் இங்கே காணும் ஏற்றம் உண்மையான பலனைவிடப் பெரிதாகத் தெரியலாம். சிலர் இல்லம் தேடிக் கல்வி போன்ற மாலை வகுப்புக்குப் போனால் அதுவும் அதே பக்கம் சாய்க்கும். அடுத்த முறை செய்பவர், தொடங்கும் முன் மூன்று வாரம் தொடர்ந்து அளந்தால், ஏற்றம் ஜோடி வாசிப்புக்குப் பிறகுதான் தொடங்கியதா என்று பார்க்க முடியும். ஒப்பீட்டு வகுப்பு கிடைக்காத சிறிய பள்ளிக்கு இது கைக்கெட்டும் வழி.

அறநெறிப் பத்தியிலும் சிறிய மாதிரிக்கென்று ஒரு சிக்கல் உண்டு. பெற்றோர் ஒப்புதலும் பிள்ளையின் சம்மதமும் எல்லா ஆய்விலும் வேண்டும். ஆனால் 12 பேர் வகுப்பில் பெயரை மாற்றினால் மட்டும் அடையாளம் மறையாது. ‘வகுப்பின் ஒரே இடம்பெயர்ந்த குடும்பத்துச் சிறுமி’ என்று எழுதினால் ஊருக்கே தெரிந்துவிடும். எந்த விவரத்தை ஏன் விட்டோம் என்று எழுத வேண்டும். அந்தச் சிறுமியின் மதிப்பெண் ஊர் வாயில் விழக் கூடாது.

இவ்வளவையும் சேர்த்தாலும் அந்த இயல் ஏழெட்டுப் பக்கத்துக்கு மேல் போகாது. எழுதி முடித்ததும் அதைப் பக்கத்து ஊர் ஐந்தாம் வகுப்பு ஆசிரியரிடம் கொடுத்து, ‘இதை மட்டும் வைத்துக்கொண்டு உங்கள் வகுப்பில் திங்கட்கிழமை இதே ஆய்வைத் தொடங்க முடியுமா?’ என்று கேளுங்கள். எந்தப் பத்தியைத் தேர்வுக்கு எடுப்பது, யாரோடு யாரை உட்காரவைப்பது, ‘வாளப்பளம்’ சரியா தவறா என்று அவர் திருப்பிக் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் உங்கள் இயலில் விடுபட்ட ஒரு வாக்கியம்.